45 லட்ச ரூபாய் ஃபிளாட்டின் வாடகை பென்ஷனுக்கு ஈடாகுமா?

கேள்வி: வரும் மே மாதம் 58 வயதில் ரிட்டயர் ஆகிறேன், தனியார் கம்பெனி. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 60 லட்சம் வரும். இ.பி.எஸ். பென்ஷன் மாதம் 4,000 போலத்தான் கிடைக்கும். குரோம்பேட்டையில் சொந்த வீடு, தரைத்தளம் மட்டும். சேலையூர் பக்கம் 12 வருடம் பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்று 45 லட்சத்துக்கு வருகிறது, வாடகை 14,500 போகும் என்கிறார்கள். வாங்கிப் போட்டால் பென்ஷன் மாதிரி இருக்காதா? வாடகைக்கு வரிச்சலுகையும் உண்டாமே?

பதில்:

சார், நான் இருபது வருடத்துக்கும் மேலாக வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ரிட்டயர் ஆனவர்கள். என் வீட்டு மாடியையும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த ஃபிளாட்டை வாங்க வேண்டாம். வாடகை வருமானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு உங்களிடம் வேறு நல்ல வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஃபிளாட்டின் அடக்க விலையைப் பார்ப்போம். 45 லட்சம் என்பது உரிமையாளர் கைக்குப் போகும் தொகை. பத்திரத்தில் அதே விலையைக் காட்டினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4,05,000 ரூபாய். புரோக்கர் 1 சதவீதம் கேட்பார், 45,000. பழைய ஃபிளாட் என்பதால் பெயின்ட் அடித்து, பழுதான ஒயரிங், குழாய் மாற்றி, குடிவைக்கிற நிலைக்குக் கொண்டுவர 75,000 ஆகும். மொத்தம் 50,25,000. இனி எந்தக் கணக்குப் போட்டாலும் இந்த ஐம்பதேகால் லட்சத்தின் மேல்தான் போட வேண்டும்.

அடுத்தது வாடகை. எல்லோரும் 14,500-ஐ 12-ஆல் பெருக்கி வருடத்துக்கு 1,74,000 என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். நான் அப்படிப் போடுவதில்லை. ஒரு குடித்தனக்காரர் வந்து, இருந்து, காலி செய்து, அடுத்தவர் வரும் வரைக்குமான காலத்தை ஒரே சுற்றாக எடுத்துக்கொள்வேன். நான் பார்த்த வரையில் ஃபிளாட்டில் ஒரு குடும்பம் சுமார் இரண்டு வருடம் இருக்கும். டிரான்ஸ்ஃபர் வரும், பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைக்கும், இல்லாவிட்டால் சொந்த வீடு வாங்கிப் போவார்கள். அதன்பின் இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கும். ஆக ஒரு சுற்று 26 மாதம். அதில் வாடகை வருவது 24 மாதம், 3,48,000 ரூபாய்.

செலவு இது. ஆள் மாறும்போது உள்ளே முழுக்கப் பெயின்ட் அடிக்க 35,000. பிளம்பர், எலக்ட்ரீஷியன் வேலைக்கு 6,000. புது ஆளைக் கொண்டுவரும் புரோக்கருக்கு உங்கள் பங்கு அரை மாத வாடகை, 7,250. பூட்டிக் கிடக்கும் இரண்டு மாதத்துக்கும் அசோசியேஷன் மெயின்டனன்ஸை நீங்கள்தான் கட்ட வேண்டும், 5,000. சொத்து வரி அரையாண்டுக்கு 2,000 என்று வைத்தால் இந்த 26 மாதத்துக்கு ஏறக்குறைய 8,750. கூட்டினால் 62,000. மிச்சம் 2,86,000, அதை 26-ஆல் வகுத்தால் மாதம் 11,000.

இது இன்னும் முடியவில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய செலவு வரும். மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங், வெளிப்புறப் பெயின்ட், போர் மோட்டார், லிஃப்ட் இருந்தால் லிஃப்ட் என்று அசோசியேஷன் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும். உங்கள் ஃபிளாட்டுக்குள் பாத்ரூமும் ஒருமுறை உடைபடும். இரண்டும் சேர்ந்து பத்து வருடத்தில் 1,80,000 என்பது தாராளமான மதிப்பீடு அல்ல. மாதத்துக்கு 1,500. ஆக உங்கள் கையில் நிற்பது மாதம் 9,500. ஐம்பதேகால் லட்சத்துக்கு வருடம் 1,14,000, சதவீதத்தில் இரண்டேகால்.

பாத்ரூம் செலவு எப்படி வருகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே எங்கள் ஹால் சீலிங்கில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் கறை வந்தது. குடியிருந்தவர்கள் குளிக்காத நாளில் அது காய்ந்துவிடும், குளித்த நாளில் ஓரம் கறுக்கும். குழாய் ஒழுகியிருந்தால் எந்நேரமும் ஈரம் இருந்திருக்கும். குளித்தால் மட்டும் ஈரம் வந்ததால் கோளாறு தரையில், தண்ணீர் வடிகிற நஹானி ட்ராப் பக்கம் என்று பிளம்பர் சொன்னார். டைல்ஸ் இடுக்கில் ஒயிட் சிமென்ட் பூசிப் பார்த்தோம், இரண்டு மாதம்தான் தாங்கியது. கடைசியில் தரையை உடைத்து, கீழே நிரப்பியிருந்த செங்கல் ஜல்லியை அள்ளிப்போட்டு, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, ட்ராப் மாற்றி, புது டைல்ஸ் போட்டு முடிக்க 12 நாளும் 42,000 ரூபாயும் ஆயிற்று. அந்த மாத வாடகையில் பாதியைக் குடித்தனக்காரருக்குக் கழித்துக்கொடுத்தேன், அதுதான் நியாயமும்கூட. எனக்குக் கீழே இருந்தது என் வீடு. ஃபிளாட்டில் கீழே இருப்பது அடுத்தவர் வீடு, அவருடைய சீலிங்கையும் நீங்கள்தான் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

இதே ஐம்பதேகால் லட்சத்தை வேறு இடத்தில் போட்டால் என்ன வரும்? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். இப்போதைய வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும், அதாவது மாதம் 20,500. தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி கூட்டாக 15 லட்சம், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. மீதி ஐந்தேகால் லட்சம் பேங்க் டெபாசிட்டில் சுமார் 2,900 தரும். கூட்டினால் மாதம் ஏறக்குறைய 32,600. அங்கே 9,500, இங்கே 32,600.

உடனே ஒரு கேள்வி வரும். வட்டி ஏறாது, வாடகை ஏறுமே? உண்மைதான், வாடகையின் பலமே அதுதான். வருடம் 5 சதவீதம் விடாமல் ஏறுகிறது, செலவும் அதே வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 9,500 வளர்ந்து 32,600-ஐத் தொட 25 வருடம் ஆகும். அப்போது உங்களுக்கு வயது 83, அந்தக் கட்டிடத்துக்கு 37. பழைய கட்டிடத்தில் வாடகை அப்படி விடாமல் ஏறாது. பக்கத்திலேயே புதுக் கட்டிடம் லிஃப்டும் கார் பார்க்கிங்குமாக எழும்பும்போது 37 வருடக் கட்டிடத்துக்குக் குறைத்துத்தான் கேட்பார்கள். வட்டியில் மாதம் 8,000, 10,000 எடுத்து மறுபடி டெபாசிட்டில் போட்டு வந்தாலே விலைவாசியைப் பெருமளவு சமாளிக்கலாம், அப்போதும் கையில் வாடகையைவிட அதிகம் நிற்கும்.

ஃபிளாட்டின் விலை ஏறும் என்பதும் பாதிதான் சரி. ஏறுவது நிலம், கட்டிடம் தேய்ந்துகொண்டேதான் போகும். அதனால் பத்திரத்தில் யு.டி.எஸ். என்கிற நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பார்க்க வேண்டும். 800 சதுர அடி ஃபிளாட்டுக்கு நிலப் பங்கு 300 சொச்சம்தான் என்றால், 45 லட்சம் கொடுத்து நீங்கள் வாங்குவது அவ்வளவு மண்தான். அவசரத்துக்கு விற்கவும் மாதக்கணக்கில் ஆகும். மூத்த குடிமக்கள் திட்டத்தை ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் மூடினால் போட்ட தொகையில் ஒன்றரை சதவீதம், அதன்பின் மூடினால் ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் பென்ஷனோடு ஒப்பிடுவதில் ஒரு குழப்பம் நேர்கிறது. என்னிடம் வரும் ரிட்டயர்டு அரசு ஆசிரியர் ஒருவருக்கு மூன்று ஃபிளாட் இருக்கிறது, நிம்மதியாக இருக்கிறார். அவரைப் பார்த்து நாமும் வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் அவருக்குப் பழைய பென்ஷன், அகவிலைப்படி ஏற ஏற அதுவும் கூடும். ஒரு ஃபிளாட் நான்கு மாதம் பூட்டிக் கிடந்தாலும் அவர் வீட்டு மளிகைக் கணக்கு மாறாது. அவருக்கு வாடகை மேல்வரும்படி. உங்கள் இ.பி.எஸ். பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது, 4,000 என்றால் 4,000-தான். ஃபிளாட் பூட்டிக் கிடக்கும் இரண்டு மாதத்தில் வாடகை வராது என்பதோடு, பெயின்டுக்கும் புரோக்கருக்கும் கையிலிருந்து 42,000-க்கு மேல் போகும். பென்ஷன் இருக்கிறவருக்கு வாடகை பொருந்துகிற அளவுக்கு, பென்ஷன் இல்லாதவருக்குப் பொருந்தாது.

காலியாகும் மாதமும் முக்கியம். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானவர்கள் வீடு மாற மாட்டார்கள். ஆனி கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆவணி பிறக்கும் வரை சாவி உங்கள் கையில்தான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் அதற்குப் பிறகும் பார்க்க வருகிறவர்கள் குறைவு. என் மாடியே ஒருமுறை இப்படி எழுபது நாள் கிடந்தது. அதிலிருந்து அக்ரிமென்ட் ஏப்ரல், மே மாதத்தில் முடிகிற மாதிரிதான் எழுதுகிறேன். இடையில் வருகிறவருக்கு 11 மாதம் என்று போடாமல், அந்த மாதத்துக்குப் பொருந்துகிற கணக்கில் போட்டுக்கொள்வேன்.

இப்போது வரி. வாடகைக்கு 30 சதவீதக் கழிவு உண்டு என்பது சரிதான். வருட வாடகை 1,74,000-த்தில் நீங்கள் கட்டிய சொத்து வரி 4,000 போக 1,70,000. அதில் 30 சதவீதம், 51,000 கழியும். மீதி 1,19,000-த்தை வருமானமாகக் காட்டினால் போதும், எதற்கும் பில் கேட்க மாட்டார்கள். பூட்டிக் கிடந்த மாதத்துக்கும் வரி இல்லை, வந்த வாடகையைக் காட்டினால் போதும். ஆனால் இந்தச் சலுகையால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரியே கிடையாது. மாதம் 32,600 வட்டி என்றால் வருடத்துக்கு நாலு லட்சத்துக்கும் உள்ளேதான். இ.பி.எஸ். பென்ஷன் 48,000-மும் பென்ஷன்காரர்களுக்கான 75,000 நிலைக்கழிவில் முழுதாகக் கழிந்துவிடும். வாடகை வாங்கினாலும் வட்டி வாங்கினாலும் உங்களுக்கு வரி பூஜ்யம்தான்.

அந்த 30 சதவீதம் உதவுவது கழிவெல்லாம் போக 12 லட்சத்தைத் தாண்டிப் பென்ஷன் வாங்குகிறவருக்கு. அவருடைய வருமானம் 15 சதவீதப் படியில் இருந்தால், 1,74,000 வட்டிக்கு 26,100 வரி, அதே தொகை வாடகையாக வந்தால் 17,850. வித்தியாசம் வருடத்துக்கு 8,250, கூடவே கொஞ்சம் செஸ். அதற்காக ஐம்பது லட்சத்தை முடக்குகிற அளவுக்கு அது பெரிய தொகை இல்லை. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கழிவு 30 சதவீதத்தோடு முடிந்தது. அந்த வருடம் பாத்ரூமுக்கு 80,000 செலவானாலும் அதைத் தனியாகக் கழிக்க முடியாது. மெயின்டனன்ஸையும் சேர்த்து 17,000 என்று வாடகை பேசினால் மொத்தமும் வாடகையாகவே கணக்காகும், அதனால் மெயின்டனன்ஸைக் குடித்தனக்காரரே நேரே அசோசியேஷனுக்குக் கட்டும்படி எழுதிக்கொள்ள வேண்டும். விற்கும்போது லாபத்தில் பன்னிரண்டரை சதவீதம் வரி உண்டு, அதற்கு அந்த 12 லட்சத் தள்ளுபடி பொருந்தாது.

இனி உங்கள் வழிக்கு வருகிறேன். குரோம்பேட்டையில் சொந்த மனையில் தரைத்தளம் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். மேலே 650 சதுர அடியில் ஒரு போர்ஷன் எடுங்கள். சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்றால் 15,60,000. திட்ட அனுமதி, தனி ஈ.பி. மீட்டர், வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு எல்லாம் சேர்த்து 17 லட்சம் என்று வையுங்கள். முத்திரைத்தாளும் இல்லை, மண்ணுக்கு விலையும் இல்லை, அசோசியேஷனும் இல்லை. உங்கள் பகுதியில் 10,000 வாடகை கிடைத்தால், ஃபிளாட்டுக்குப் போட்ட அதே சுற்றுக் கணக்கில் செலவு போக 7,500 நிற்கும். 17 லட்சத்துக்கு வருடம் 90,000, ஐந்தேகால் சதவீதம். வட்டியைவிடக் குறைவுதான், ஆனால் வாடகை ஏறும்போது சில வருடங்களில் அதை எட்டிப் பிடித்துவிடும். ஆளையும் கண்முன்னே பார்த்துக்கொள்ளலாம். எழுபத்தைந்து வயதில் குழாய் ஒழுகினால் சேலையூருக்கு ஆட்டோ பிடிப்பதற்கும் மாடிப்படி ஏறிப் பார்ப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம். அந்த வயதில் உங்கள் மனைவி தனியாக இருக்க நேர்ந்தாலும் அவர் சமாளிக்கக்கூடியது மாடிக் குடித்தனம்தான். இ.பி.எஸ்.-இல் அவருக்குப் பாதிப் பென்ஷன்தான் வரும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆக 60 லட்சத்தில் 30 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டம், 17 லட்சம் மாடி, 10 லட்சம் மனைவியோடு கூட்டாக மாத வருமானத் திட்டம், 3 லட்சம் பேங்கில் அவசரத்துக்கு. மாதம் 20,500, 7,500, 6,160, ஆக 34,000-த்துக்குச் சற்று மேல். இ.பி.எஸ். தனி. மாடி இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தாலும் 26,000-க்கு மேல் வந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு கெடு இருக்கிறது, தவறவிடாதீர்கள். மூத்த குடிமக்கள் திட்டம் 60 வயது ஆனவர்களுக்கானது. 55-க்கு மேல் 60-க்குள் ரிட்டயர் ஆனவர்களும் சேரலாம், ஆனால் ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், வந்த தொகைக்கு மேல் போடக்கூடாது. கம்பெனியில் கொடுக்கும் செட்டில்மென்ட் கடிதத்தில் தேதியும் தொகையும் தெளிவாக இருக்கட்டும். முதலில் மாடி வேலையை முடித்துவிட்டு மீதியைப் போடலாம் என்று இருந்தால் மூன்று மாதம் ஓடிவிடும், பிறகு 60 வரை காத்திருக்க வேண்டும்.

மாடி எடுப்பதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரை வரவழையுங்கள், மேஸ்திரி சொல்வது மட்டும் போதாது. பழைய வீட்டு பிளான் இருந்தால் எடுத்துவைத்திருங்கள். பில்லர் போட்டுக் கட்டியதா, சுவரே பாரம் தாங்குகிற கட்டிடமா என்பதை அவர் முதலில் பார்ப்பார். பில்லர் இருந்தால் ஓரிடத்தில் தோண்டி அஸ்திவாரத்தின் அகலத்தை அளப்பார். சுவர்க் கட்டிடமாக இருந்து சுவரில் மூலைவாட்டில் விரிசல் ஓடியிருந்தால் மேலே ஏற்ற வேண்டாம் என்றுதான் சொல்வார், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஆனால் அந்த 17 லட்சத்தையும் வட்டிக்கே போட்டுவிடுங்கள், சேலையூருக்குத் திரும்ப வேண்டாம்.

குடி வைக்கும்போது அக்ரிமென்ட்டை எழுத்தில் போட்டு tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டம் அதைக் கேட்கிறது. இரண்டு மாத வாடகை நின்றால் வாடகை நீதிமன்றம் போக அந்தக் காகிதம்தான் உதவும். பெயின்ட், பைப், ஒயரிங் உங்கள் பொறுப்பு, டேப் வாஷர், சுவிட்ச், சாக்கெட் குடியிருப்பவர் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையே பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதை அப்படியே அக்ரிமென்ட்டில் எழுதிக்கொண்டால் பாதி மனஸ்தாபம் வராது. அட்வான்ஸ் மூன்று மாதம் போதும், அதைத் தனி டெபாசிட்டாகப் போட்டு வையுங்கள். காலி செய்கிற அன்றைக்கு அவர் அதைக் கேட்பார், அதே வாரத்தில் பெயின்ட்டரும் கேட்பார்.